வீட்டு ஆபீஸ் மேசைக்குக் கரண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலிருந்து வேலை செய்ய ஆரம்பித்து ஐந்து வருடம் ஆகிறது. தாம்பரம் பக்கம் இருபது வருடப் பழைய அடுக்குமாடியில், பத்துக்குப் பத்து அறையில், ஜன்னலோரம் ஒரு மேசை. இந்த ஐந்து வருடத்தில் ஒரு ஸ்பைக் பஸ்டர் கருகியது, ஒரு ரவுட்டர் செத்தது, ஒரு மின்கட்டணம் வயிற்றைக் கலக்கியது. நண்பர்களும் உடன் வேலை பார்ப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். நான் எலக்ட்ரீஷியன் இல்லை. சுவருக்குள் கை வைக்கும் வேலை எதுவாக இருந்தாலும் லைசென்ஸ் உள்ள ஒயர்மேனைக் கூப்பிடுங்கள்.

லேப்டாப், மானிட்டர், ரவுட்டர், டேபிள் லைட் எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயிண்டில் போட்டால் தாங்குமா?

தாராளமாகத் தாங்கும். லேப்டாப் அடாப்டரில் 65 வாட் என்று எழுதியிருந்தாலும் அது உச்ச அளவு. பிளக்கில் செருகிப் பார்க்கும் வாட் மீட்டர் ஒன்று வாங்கி அளந்ததில், பேட்டரி நிறைந்த பிறகு என்னுடைய லேப்டாப் சராசரியாக 35 வாட்தான் இழுக்கிறது. 24 அங்குல மானிட்டர் 22, ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் சேர்த்து 12, டேபிள் லைட் 9. மொத்தம் 78 வாட். நம் ஊர் 230 வோல்ட்டில் இது ஒரு ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்கு. சாதாரணச் சின்ன பிளக் பாயிண்டே 6 ஆம்பியர், அதாவது சுமார் 1,380 வாட் வரை.

ஆகவே மேசைக்கு எவ்வளவு கரண்ட் வேண்டும் என்பது ஒரு பிரச்சினையே இல்லை. அதே லைனில் கூட வேறு யார் இருக்கிறார்கள், எர்த் சரியாக இருக்கிறதா, வோல்டேஜ் எகிறினால் என்ன ஆகும், இவைதான் பார்க்க வேண்டியவை.

எலக்ட்ரீஷியன் மேசைக்குத் தனி லைன் இழுக்கணும் என்கிறார். அவசியமா?

லேப்டாப் வேலைக்கு அவசியமில்லை. ஆனால் உங்கள் மேசை எந்த லைனில் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டுக்கு வரும் கரண்ட்டை லைன் லைனாகப் பிரித்து விடும் டிபி பாக்ஸைத் திறந்து, ஒவ்வொரு லைனுக்கும் இருக்கும் எம்.சி.பி. ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாக ஆஃப் செய்து, எந்த அறையில் எது போகிறது என்று பார்த்து, மூடியின் உள்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் இப்படிப் பார்த்தபோதுதான் மேசைக்குப் பின்னால் இருக்கும் பாயிண்டும் பக்கத்து அறையில் அயர்ன் பாக்ஸ் போடும் பாயிண்டும் ஒரே எம்.சி.பி.யில் இருப்பது தெரிந்தது. அயர்ன் பாக்ஸ் 1,000 வாட். அது சூடேறி அணைந்து சூடேறும்போதெல்லாம் என் டேபிள் லைட் லேசாகக் கண் சிமிட்டியதற்குக் காரணம் அதுதான். நான் மூன்று மாதமாக லைட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

லேசர் பிரிண்டர் வைத்திருந்தால் அதுவும் இதே கூத்துதான் ஆடும். உள்ளே இருக்கும் சூடாக்கி வேலை செய்யும் சில நொடிகளுக்குப் பல நூறு வாட் இழுக்கும், அப்புறம் அடங்கிவிடும். அதை மேசையின் எக்ஸ்டென்ஷனில் சேர்க்காமல் நேராகச் சுவர் பாயிண்டில் போடுங்கள். ஏ.சி.க்கு மட்டும் தனி லைன் கட்டாயம் வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

எத்தனை பாயிண்ட் இருக்கிறது என்பதைவிட, பின்னை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதைப் பாருங்கள். பிளக்கைச் செருகி லேசாக ஆட்டினால் ஆடக்கூடாது. தொளதொளவென்று இருந்தால் அந்த இடத்தில் சூடேறும், கொஞ்ச நாளில் பிளாஸ்டிக் பழுப்பாகும், கருகல் வாடை வரும். லோடு குறைவாக இருந்தாலும் லூஸ் காண்டாக்ட் சூடேறும் என்பதைப் பலர் நம்புவதில்லை. மேசையில் இருப்பதை எல்லாம் போட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒவ்வொரு பிளக்கையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். அடாப்டர் வெதுவெதுப்பாக இருக்கலாம், பிளக்கின் பின் இருக்கும் பக்கம் சூடாக இருக்கக்கூடாது.

ஒயரில் 3 கம்பி இருக்க வேண்டும். மூன்று ஓட்டை போட்ட பாக்ஸாக இருக்கும், ஒயர் மட்டும் இரண்டு கம்பியாக இருக்கும், அப்படியும் விற்கிறார்கள். அதில் எர்த் என்பது வெறும் ஓட்டைதான். ஒரு எக்ஸ்டென்ஷனிலிருந்து இன்னொரு எக்ஸ்டென்ஷன் வேண்டாம். பெரிய பின் பிளக்கைச் சின்ன பாயிண்டில் செருக விற்கும் கன்வெர்ட்டரை வைத்து மின்கெட்டிலை மேசையில் போடுவதும் வேண்டாம். 1,500 வாட் கெட்டில் 6.5 ஆம்பியர் இழுக்கும். டீ சமையலறையிலேயே கொதிக்கட்டும்.

லேப்டாப் மேல் கை வைத்தால் ஜிவ்வென்று இருக்கிறது. ஷாக் அடிக்கிறதா?

அடாப்டர் இரண்டு பின்னா, மூன்று பின்னா என்று முதலில் பாருங்கள். அடாப்டருக்குள் மின்காந்த இரைச்சலை அடக்க ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும். அதன் வழியாக மிக மிகக் குறைந்த கரண்ட் லேப்டாப்பின் உலோக உடம்புக்கு வரும். எர்த் இருந்தால் அது சத்தமில்லாமல் எர்த்துக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் உங்கள் மணிக்கட்டு வழியாகப் போகும். விரல் நுனியில் தெரியாது, மணிக்கட்டின் மெல்லிய தோலில், அதுவும் வெறும் காலைத் தரையில் வைத்திருக்கும்போது பூச்சி ஊர்வது மாதிரித் தெரியும்.

இரண்டு பின் அடாப்டரில் இது வழக்கமானது, ஆபத்தில்லை. மூன்று பின் அடாப்டரில் இப்படி இருந்தால் அது ஒரு தகவல்: உங்கள் பாயிண்டிலோ எக்ஸ்டென்ஷனிலோ எர்த் இல்லை. ஜிவ்வென்று இல்லாமல் சுரீரென்று அடித்தால் அது வேறு விஷயம். உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

எர்த் இருக்கிறதா என்று நானே எப்படிப் பார்ப்பது?

டெஸ்டர் ஸ்க்ரூடிரைவர் இதற்கு உதவாது. அது ஃபேஸ் எது என்று மட்டும் சொல்லும். நல்ல மல்டிமீட்டர் இருந்து, அதைப் பிடிக்கவும் தெரிந்திருந்தால், ஏ.சி. வோல்ட்டில் வைத்து மூன்று அளவு எடுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 பக்கம் வரும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கிட்டத்தட்ட அதே எண் வரவேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்தான் இருக்கவேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 90, 120 என்று ஏதோ ஒரு எண் அலைந்துகொண்டிருந்தால் எர்த் கம்பி எங்கேயோ அறுந்து தொங்குகிறது என்று அர்த்தம்.

இதில் ஒரு ஏமாற்றும் உண்டு. சில பழைய வீடுகளில் எர்த் கம்பியே இழுக்காமல், போர்டுக்குள் நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து வைத்திருப்பார்கள். மீட்டரில் எல்லாம் சரியாகக் காட்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே சுத்தமாகப் பூஜ்யம் வரும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் அந்த பாயிண்டில் இருக்கும் எல்லா உலோக உடம்புக்கும் 230 வோல்ட் ஏறும். பூஜ்யம் வந்தால் சந்தோஷப்படாமல் ஒயர்மேனிடம் போர்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மீட்டர் பிடிக்கப் பயம் என்றால் விட்டுவிடுங்கள், ஒயர்மேனுக்குப் பத்து நிமிட வேலை. வாடகை வீடாக இருந்தால் ஓனரிடம் "ஆபீஸ் வேலைக்கு" என்று சொல்லாதீர்கள். "வாஷிங் மெஷினில் கை வைத்தால் ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கு சார், எர்த் பார்க்கணும்" என்று சொன்னால் சீக்கிரம் வேலை நடக்கும். எர்த் விஷயத்தில் அது பொய்யும் இல்லை.

ஸ்பைக் பஸ்டர் போட்டிருக்கிறேன். அது போதும்தானே?

சிலவற்றுக்குப் போதும், நம் ஊரில் அதிகம் சாமான்களைக் கொல்லும் ஒன்றுக்கு மட்டும் போதாது.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் இது புரியும். நல்ல ஸ்பைக் பஸ்டருக்குள் எம்.ஓ.வி. என்று பொத்தான் அளவில் ஒரு வட்டச் சில்லு இருக்கும். சாதாரண வோல்டேஜில் அது சும்மா இருக்கும். வோல்டேஜ் திடீரென எகிறினால் அந்த நொடியே கதவைத் திறந்து அதிகப்படியை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் தள்ளிவிடும். மின்னல், பக்கத்தில் பெரிய மோட்டார் ஓடி நிற்பது, கரண்ட் போய்த் திரும்பி வருவது போன்றவற்றில் வரும் கணநேரத் துள்ளலுக்கு அது சரி. எர்த் இல்லாவிட்டால் அதன் பாதி வேலை போச்சு. ஒவ்வொரு தடவை துள்ளலை வாங்கும்போதும் அந்தச் சில்லு கொஞ்சம் தேயும், ஒரு நாள் முழுதாகச் செத்துவிடும். அதற்கப்புறம் அது வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். சிவப்பு லைட் எரிவதை வைத்து நம்பிவிடாதீர்கள். பலவற்றில் அது கரண்ட் இருக்கிறது என்பதை மட்டும் காட்டும். பாதுகாப்புக்கென்று தனி விளக்கு இருக்கிறதா, எவ்வளவு துள்ளலை விழுங்கும் என்பதற்கு எத்தனை ஜூல் என்று அட்டையில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஜூல் என்ற சொல்லே இல்லையென்றால் உள்ளே சில்லு இருக்கிறதா என்பதே சந்தேகம்.

அது தாங்காத ஒன்று நியூட்ரல் கட். தெருவில் மூன்று ஃபேஸ் வருகிறது, ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230, ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவே 400. கம்பத்திலோ உங்கள் மீட்டர் பலகையிலோ நியூட்ரல் லூசாகிவிட்டால், குறைவாக லோடு இருக்கும் ஃபேஸில் வோல்டேஜ் 300, 350 என்று ஏறும். அதிக லோடு இருக்கும் ஃபேஸில் அந்த அளவு இறங்கும். கண நேரத்துக்கு அல்ல, யாராவது மெயினை அணைக்கும் வரைக்கும்.

எனக்கு அது ஒரு ஜூன் மாத மாலை நடந்தது. மீட்டிங்கில் இருந்தேன். தலைக்கு மேல் ஃபேன் வேகம் பிடித்தது, டியூப்லைட் என்றைக்கும் இல்லாத வெள்ளையாக எரிந்தது. அட, நல்ல வோல்டேஜ் வருகிறதே என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, மேசைக்குக் கீழே இருந்து பூண்டு கருகின மாதிரி ஒரு வாடை, புகை. ஸ்பைக் பஸ்டருக்குள் இருந்த சில்லு 275 வோல்ட்டுக்குத் தாங்கும் வகை, தொடர்ந்து 300க்கு மேல் வரவே கதவைத் திறந்தபடியே நின்று தன்னையே எரித்துக்கொண்டது. ஓடிப்போய் மெயினை அணைத்தேன். எதிர் வீட்டில் அதே நேரம் லைட் மங்கலாக மினுக்கிக்கொண்டிருந்ததாம். ஒரு பக்கம் அதிக வெளிச்சம், இன்னொரு பக்கம் மங்கல், இரண்டும் ஒரே நேரத்தில் என்றால் அது நியூட்ரல்தான். யோசிக்காமல் மெயினை அணையுங்கள், அப்புறம் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, போன் போடுங்கள்.

இதற்குத் தீர்வு டிபி பாக்ஸில் மெயினுக்குப் பக்கத்தில் மாட்டும் ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ் புரொடெக்டர். எம்.சி.பி. மாதிரியே இருக்கும், முகப்பில் வோல்டேஜ் எண் ஓடும். நாம் வைத்த எல்லையைத் தாண்டினால் வீட்டையே வெட்டிவிடும், சரியானதும் கொஞ்சம் பொறுத்துத் தானாகச் சேர்க்கும். நான் மேலே 265, கீழே 170 என்று வைத்திருக்கிறேன். 1,400 ரூபாயும் ஒயர்மேன் கூலியும் ஆனது. மேசைக்கு நான் செய்த செலவிலேயே உருப்படியானது இதுதான் என்பேன், ஸ்பைக் பஸ்டர் அதற்கு அடுத்துதான். சொந்த வீடாக இருந்தால் அதே பாக்ஸில் டைப் 2 எஸ்.பி.டி. ஒன்றும் மாட்டிக்கொள்ளலாம். மின்னல் துள்ளலை வாசலிலேயே அது பிடிக்கும். அதற்கு நல்ல எர்த் அவசியம். எர்த்துக்குப் போகும் ஒயர் அரை மீட்டருக்குள் இருந்தால் நல்லது. முகப்பு ஜன்னலில் பச்சை போய்ச் சிவப்பு வந்தால் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம்.

லோ வோல்டேஜ் வருகிறது. லேப்டாப்புக்கு ஸ்டெபிலைசர் வாங்கணுமா?

வேண்டாம். அடாப்டரின் முதுகில் 100 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருக்கும், மானிட்டரும் பெரும்பாலும் அப்படித்தான். 160 வோல்ட்டிலும் அது பாட்டுக்கு ஓடும். ஸ்டெபிலைசரை ஏ.சி.க்கும் ஃபிரிட்ஜுக்கும் வையுங்கள்.

இடி மின்னலின்போது பிளக்கைப் பிடுங்கினால் போதுமா?

பிளக்கோடு லேன் கேபிளையும் பிடுங்குங்கள். என் ரவுட்டர் செத்த கதை இது. நவம்பர் மழையில் ஒரு பெரிய இடி. மறுநாள் ரவுட்டரில் பவர் லைட் எரிகிறது, வைஃபை வருகிறது, நெட் மட்டும் இல்லை. அடாப்டர் நன்றாக இருக்கிறது, ஸ்பைக் பஸ்டர் நன்றாக இருக்கிறது. செத்தது வெளியிலிருந்து கேபிள் வந்து நுழையும் அந்த ஒரு போர்ட் மட்டும். அப்போது எங்கள் தெருவில் நெட் கொடுத்தவர், மொட்டை மாடிகள் வழியாகச் செம்பு லேன் கேபிளைத்தான் இழுத்து விட்டிருந்தார். வானத்துக்குக் கீழே அறுபது மீட்டர் செம்புக் கம்பி, அதன் மறுமுனை என் மேசையில். கரண்ட் வழிக்கு மட்டும் காவல் போட்டுவிட்டு இந்த வழியைத் திறந்து வைத்திருந்தேன்.

வீட்டுக்குள் ஃபைபரே வருகிறதென்றால் அந்த நூலின் கண்ணாடியில் மின்சாரம் ஓடாது, அந்த வாசல் அடைபட்டுவிடும். இப்போது புதிதாகக் கனெக்‌ஷன் எடுப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது வேகம் இல்லை, வீட்டுக்குள் வருவது ஃபைபரா, லேனா என்பதுதான்.

இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போனால் மீட்டிங் கட்டாகிறதே, ஏன்?

லேப்டாப்புக்குச் சொந்த பேட்டரி இருக்கிறது, அது அசைவதில்லை. ரவுட்டர்தான் அணைந்து எழுகிறது. அது எழுந்து நெட்டைப் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம். காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். முதலில், ரவுட்டர் போட்டிருக்கும் பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனிலேயே இல்லாமல் இருக்கலாம். பல வீடுகளில் ஃபேன், லைட்டுக்கு மட்டும்தான் இன்வெர்ட்டர் லைன் இழுத்திருப்பார்கள். அது இருந்தும் கட்டாகிறதென்றால் இன்வெர்ட்டரின் பின்பக்கத்தையோ செட்டிங்கையோ பாருங்கள். யு.பி.எஸ். மோட், சாதாரண மோட் என்று இரண்டு இருக்கும். யு.பி.எஸ். மோடில் மாற்றம் சுமார் 10 மில்லி செகண்டில் நடக்கும், சாதாரண மோடில் அதைவிடத் தாமதம், சில ரவுட்டர்கள் அதைத் தாங்காது. ஆனால் யு.பி.எஸ். மோடில் வோல்டேஜ் 180க்குக் கீழே போனாலே பேட்டரிக்குத் தாவிவிடும். லோ வோல்டேஜ் தெருவில் இருப்பவர்களுக்கு பேட்டரி சீக்கிரம் தீரும்.

எளிய வழி, ரவுட்டருக்கு மட்டும் கையளவு மினி யு.பி.எஸ். ஒன்று வாங்குவது. ரவுட்டர் அடாப்டரில் 12 வோல்ட் என்று போட்டிருக்கிறதா, எத்தனை ஆம்பியர் என்று பார்த்து அதற்குப் பொருந்துவதாக வாங்குங்கள். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் சேர்த்து இரண்டு வெளியீடு உள்ளது வேண்டும். ஒன்றுக்கு மட்டும் போட்டுவிட்டு, இன்னொன்று அணைந்து கிடப்பதை நான் ஒரு வாரம் கண்டுபிடிக்கவில்லை.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தி மதியம் 2 மணிக்குத்தான் விடுகிறார்கள். இன்வெர்ட்டர் அதுவரை வருமா?

என் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். 150 ஏ.ஹெச். பேட்டரி, 12 வோல்ட். பெருக்கினால் 1,800 வாட் மணி. அதை முழுதாக எடுக்க முடியாது. இன்வெர்ட்டரில் போகும் நஷ்டம், அடிவரை வடிக்கக்கூடாது என்பதெல்லாம் போக, நல்ல நிலையில் உள்ள பேட்டரியில் 1,100 கிடைத்தால் பெரிது.

மேசை 78 வாட், மேலே டியூப் 20, பழைய ஃபேன் 75. சேர்த்தால் 173. அம்மா ஹாலில் இருப்பார், அங்கே ஒரு ஃபேனும் ஒரு லைட்டும் 95. மொத்தம் 268. ஆயிரத்து நூறை இதால் வகுத்தால் நான்கு மணி நேரம் சொச்சம். ஐந்து மணி நேர ஷட்டவுனில் ஒரு மணி வாக்கில் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பிக்கும், சரியாக அதுதான் நடந்துகொண்டிருந்தது. இன்னொரு பேட்டரி வாங்கலாமா என்று விசாரித்துக்கொண்டிருந்தபோது ஒரு நண்பர், முதலில் ஃபேனை மாற்று என்றார். பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். இரண்டு ஃபேனையும் மாற்றியதும் மொத்தம் 178 ஆனது, ஆறு மணி நேரத்துக்கு மேல் வருகிறது. பேட்டரி மூன்று நான்கு வருடம் பழையதென்றால் இந்தக் கணக்கில் பாதியை எதிர்பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி எத்தனை மாதம் ஆகிறது என்பதையும் ஒருமுறை பாருங்கள்.

வீடியோ காலில் என் முகத்தின் மேல் கோடு கோடாக ஓடுகிறது. லைட் கெட்டுப்போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்.இ.டி. நொடிக்கு 100 தடவை மினுங்கும், கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். வெப்கேம் 60 ஹெர்ட்ஸ் என்று நினைத்துக்கொண்டு படம் எடுத்தால் கோடு ஓடும். கேமரா செட்டிங்கில் மினுக்கம் குறைக்கும் இடத்தில் 50 என்று மாற்றுங்கள். லினக்ஸ்காரர்களுக்கு ஒரே வரி:

```
v4l2-ctl -d /dev/video0 --set-ctrl=power_line_frequency=1
```

மாற்றியும் போகவில்லையென்றால் பல்பின் மினுக்கம் ரொம்ப மோசம். போனில் ஸ்லோ மோஷனில் அதைப் படம் பிடித்துப் பாருங்கள், டிஸ்கோ மாதிரித் தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

கோடாக இல்லாமல் முகம் முழுக்க இருட்டி இருட்டி வெளிச்சமானால் நிமிர்ந்து மேலே பாருங்கள். சீலிங்கில் பதித்த பட்டன் லைட்டுக்குக் கீழே ஃபேன் இறக்கை சுற்றுகிறதா? இறக்கை வெளிச்சத்தை வெட்டி வெட்டி அனுப்புகிறது. அந்த லைட்டை அணைத்துவிட்டுச் சுவர் டியூபைப் போடுவதுதான் மருந்து.

அறைக்கு எத்தனை வாட் லைட் வேண்டும்?

வாட்டைவிட மேசையில் விழும் வெளிச்சம்தான் கணக்கு, 300 முதல் 500 லக்ஸ் இருந்தால் எழுதப் படிக்க வசதி. 20 வாட் எல்.இ.டி. டியூப் ஏறக்குறைய 2,000 லூமன் தரும், ஆனால் அது பத்துக்குப் பத்து அறை முழுக்கப் பரவிவிடும். மேசைக்கு நூற்றுச் சொச்சம் லக்ஸ்தான் மிஞ்சும். இன்னொரு டியூப் போடுவதைவிட 9 வாட் பல்பை ஒரு டேபிள் லாம்பில் போட்டு மேசைக்கு அருகே கொண்டுவருவது மேல். டியூப் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் அதன் கோடு தெரியும், வீடியோ காலில் முகம் கறுப்பாக இருக்கும். மேசையைத் திருப்பிப் போடுங்கள், காசு செலவில்லை.

கடைசியில் கரண்ட் பில் எவ்வளவு கூடும்?

நம் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அதனால் கணக்கும் இரண்டு மாதத்துக்கே. 44 வேலை நாள், நாளுக்கு 9 மணி நேரம், ஏறக்குறைய 400 மணி. லேப்டாப்பும் மானிட்டரும் 23 யூனிட், பழைய ஃபேன் 30, லைட்டுகள் 11 அல்லது 12. சுமார் 65 யூனிட். ரவுட்டர் இருபத்து நாலு மணி நேரமும் ஓடி 17 யூனிட் தின்கிறது, ஆனால் அது ஏற்கெனவே பில்லில் இருந்ததுதான்.

65 யூனிட் எத்தனை ரூபாய் என்பது நீங்கள் ஏற்கெனவே எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2024 ஜூலையில் வந்த வீட்டு விகிதத்தை வைத்துச் சொல்கிறேன். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு யூனிட் 2.35, 400 வரை 4.70, 500 வரை 6.30. எங்கள் வீடு முன்பு 420 யூனிட், 1,301 ரூபாய். மேசை வந்தபின் 485 யூனிட், சுமார் 1,710. அதாவது மாதத்துக்கு இருநூறு ரூபாய் சொச்சம்.

அப்புறம் ஏப்ரல் வந்தது, பகலில் ஏ.சி. போட ஆரம்பித்தேன். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏ.சி., ஆறு மணி நேரம், மணிக்கு 0.6 யூனிட் வைத்தால் இரண்டு மாதத்தில் 158 யூனிட். மொத்தம் 643. இங்கேதான் இடிக்கும். 500ஐத் தாண்டினால் அந்த 2.35 சலுகை போய் அந்த நூறு யூனிட்டும் 4.70 ஆகிவிடும். 500க்கு மேல் 600 வரை 8.40, அதற்கு மேல் 800 வரை 9.45. பில் 3,286. அதாவது ஏ.சி.யின் 158 யூனிட்டுக்கு 1,576 ரூபாய், யூனிட் ஒன்று கிட்டத்தட்ட 10 ரூபாய். சரியாக 500 யூனிட் என்றால் 1,805 ரூபாய், 501 என்றால் 2,048. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய்.

ஆகவே ரீடிங் எடுக்கும் தேதிக்கு ஒரு வாரம் முன்பு மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்வேன். 470, 480 என்று நின்றால் அந்த வாரம் ஏ.சி. கிடையாது, ஹாலில் அம்மாவோடு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வேலை. 560 என்று ஏற்கெனவே தாண்டியிருந்தால் அந்தத் தியாகத்துக்கு அவ்வளவு அர்த்தமில்லை. விகிதம் மாறினால் உங்கள் பில்லில் இருக்கும் எண்களைப் போட்டுக் கணக்கிடுங்கள், 500 என்ற அந்தப் படி இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

வாடகை வீடு. சப் மீட்டர் வைத்து ஓனர் யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குகிறார். எனக்கு?

படியெல்லாம் உங்களுக்குக் கிடையாது, எல்லா யூனிட்டும் 8 ரூபாய். மேசையின் 65 யூனிட்டுக்கு 520, மாதம் 260. உங்களுக்கு பி.எல்.டி.சி. ஃபேன் இன்னும் சீக்கிரம் காசை மீட்டுக் கொடுக்கும். வேலை நேரத்தில் மட்டும் இரண்டு மாதத்தில் 18 யூனிட் மிச்சம், ராத்திரியும் அதே ஃபேன் ஓடினால் இன்னொரு 20க்கு மேல். வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம், பழைய ஃபேனை மட்டும் பரணில் பத்திரமாக வையுங்கள், ஓனர் கேட்பார்.

ராத்திரி எல்லாவற்றையும் ஸ்விட்சில் அணைக்கணுமா?

மின்சாரத்துக்காக என்றால் தேவையில்லை. தூங்கும் மானிட்டரும் சும்மா செருகியிருக்கும் அடாப்டரும் ஒரு வாட்கூட வராது, இரண்டு மாதத்துக்கு ஒரு யூனிட் ஆனால் அதிகம். நான் அணைப்பது வேறு காரணத்துக்கு. ராத்திரியில் தெருவில் லோடு குறையும்போது எங்கள் பக்கம் வோல்டேஜ் 250ஐத் தொடுகிறது, புரொடெக்டரின் முகப்பில் பார்த்திருக்கிறேன். ரவுட்டரை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அணைத்துவிடுவேன்.